கெடு தாண்டியும் சிவக்காத வரிசைகள்: பணிப் பட்டியலின் நிறக் கோளாறுகளைச் சரிசெய்யும் வழி

எங்கள் அச்சகத்தில் நாட்காட்டி, டைரி, பாடநூல் வேலைகள் எல்லாம் ஒரே கூகுள் ஷீட்ஸ் தாளில்தான் நடக்கின்றன. ஏழு பேர் அதைத் திறந்து எழுதுகிறார்கள். கெடு தாண்டிய பணி சிவப்பாகவும், மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டியது மஞ்சளாகவும் தெரிய வேண்டும். அந்த நிறத்தை நம்பித்தான் காலையில் யார் எதை முதலில் எடுப்பது என்று முடிவாகிறது. நிறம் தவறினால் வேலை தவறும். அதனால் ஒவ்வொரு முறை தவறியபோதும் காரணத்தைத் தேடிக் குறித்து வைத்தேன். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே அறிகுறி வாரியாகத் தருகிறேன்.

எங்கள் தாளின் அமைப்பு எளிது. A பணி, B பொறுப்பாளர், C நிலை, D கெடு, E, F குறிப்புகள். முதல் வரிசை தலைப்பு. `Format` பட்டியலில் `Conditional formatting` திறந்து, `Apply to range` இடத்தில் A2:F500 கொடுத்து, `Custom formula is` என்பதைத் தேர்ந்து எழுதிய இரண்டு விதிகள் இவை. முதலாவது சிவப்பு, இரண்டாவது மஞ்சள்.

```
=AND(ISNUMBER($D2),$D2<TODAY(),$C2<>"முடிந்தது")
```

```
=AND(ISNUMBER($D2),$D2>=TODAY(),$D2<TODAY()+4,$C2<>"முடிந்தது")
```

மூன்று நாள் என்று சொல்லிவிட்டு 4 எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. சிலர் கெடுவோடு நேரத்தையும் சேர்த்து எழுதுவார்கள். மூன்றாம் நாள் மாலை 5 மணி என்று எழுதினால், `<=TODAY()+3` என்ற நிபந்தனை அதை விட்டுவிடும். நான்காம் நாள் தொடங்குவதற்கு முன் என்று எழுதினால் நேரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிபடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள். சந்தேகமான விதியின் சூத்திரத்தை அப்படியே நகலெடுத்து, காலியாக உள்ள H2 செல்லில் ஒட்டிக் கீழே இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் TRUE அல்லது FALSE என்று பதில் வரும். நிறம் வர வேண்டிய வரிசையில் TRUE வந்தும் நிறம் இல்லையென்றால் கோளாறு விதியின் எல்லையிலோ வரிசைமுறையிலோ இருக்கிறது. FALSE வந்தால் கோளாறு தரவிலோ தாளின் அமைப்பிலோ இருக்கிறது. பாதித் தேடல் இந்த ஒரு நெடுவரிசையிலேயே முடிந்துவிடும். வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்.

## அறிகுறி 1: எழுதாத வெற்று வரிசைகள் எல்லாம் சிவப்பு

சூத்திரம் `=$D2<TODAY()` என்று மட்டும் இருக்கும். வெற்றுச் செல்லை ஒப்பிடும்போது ஷீட்ஸ் அதைச் சுழியமாக எடுத்துக்கொள்கிறது. சுழியம் எந்தத் தேதியையும்விடச் சிறியது. ஆகவே எல்லா வெற்று வரிசைகளும் கெடு தாண்டியவையாகிவிடுகின்றன. மேலே உள்ளபடி `ISNUMBER($D2)` சேர்த்தால் போதும். இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

## அறிகுறி 2: நிறம் வருகிறது, ஆனால் தவறான இடத்தில்

ஒரு வரிசை மேலோ கீழோ தள்ளி வருகிறது. சூத்திரத்தில் உள்ள வரிசை எண்ணும் எல்லையின் முதல் வரிசை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லை A2-வில் தொடங்கினால் சூத்திரத்தில் $D2. எல்லையை A1 என்று வைத்துவிட்டுச் சூத்திரத்தில் $D2 எழுதினால், தாமதமான பணிக்கு மேலே உள்ள வரிசை சிவக்கும். 14-ஆம் வரிசைக்காரர் வேலையை முடிக்காதபோது 13-ஆம் வரிசைக்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருப்போம்.

சில செல்கள் மட்டும் நிறம் பெறுகின்றன. D-க்கு முன்னால் டாலர் குறி விடுபட்டிருக்கிறது. அப்போது A செல்லுக்கு D-யைப் பார்க்கும் சூத்திரம், B செல்லுக்கு E-யைப் பார்க்கப் போய்விடும். டாலர் எழுத்துக்கு முன்னால் மட்டும் வர வேண்டும், எண்ணுக்கு முன்னால் வரக்கூடாது. `$D$2` என்று எழுதினால் எல்லா வரிசைகளும் இரண்டாம் வரிசையின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும்.

தாமதமானது சிவப்பாக வராமல் மஞ்சளாக வருகிறது. ஒரு செல்லுக்கு இரண்டு விதிகள் பொருந்தினால், பட்டியலில் மேலே இருப்பதே வெல்லும். மஞ்சள் விதியில் `$D2>=TODAY()` இல்லாமல் இருந்தால், போன மாதக் கெடுவும் அதற்குப் பொருந்திவிடும். சிவப்பு விதியைப் பிடித்து மேலே இழுத்தால் சரியாகிவிடும். ஆனால் நாளை யாராவது விதியை அழித்துப் புதிதாக எழுதினால் அது மீண்டும் கீழே போய்விடக்கூடும். இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று மோதாதபடி நிபந்தனையை முழுமையாக எழுதிவிடுவதே என் தேர்வு.

## அறிகுறி 3: கெடு தாண்டியும் நிறம் இல்லை, அல்லது கெடுவுக்கு முன்பே சிவப்பு

இந்த இரண்டும் வேறு வேறு கோளாறுகள் போலத் தோன்றும். பெரும்பாலும் வேர் ஒன்றுதான். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுவே.

2025 ஜூன் 20 அன்று அட்டைப்படம் செய்யும் தங்கை வந்து, "அண்ணா, இதற்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே, ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டார். கெடுவாக அவர் எழுதியிருந்தது 05/07/2025. ஜூலை 5. அதே தாளில் இன்னொருவர் 18/06/2025 என்று எழுதியிருந்த பணி இரண்டு நாள் தாமதமாகியும் வெள்ளையாக நின்றது.

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கண் போதும். D நெடுவரிசையில் யாரும் இடது, வலது ஒழுங்கை மாற்றவில்லை என்றால், ஷீட்ஸ் தேதியாகப் புரிந்துகொண்டது வலப்பக்கம் ஒட்டி நிற்கும், வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது இடப்பக்கம் நிற்கும். 18/06/2025 இடப்பக்கம் நின்றது. எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் ஷீட்ஸ் எழுத்தையே பெரியதாகக் கொள்ளும். அதனால் அது ஒருநாளும் TODAY-க்குக் கீழே போகாது, சிவக்கவும் செய்யாது.

அடுத்த சோதனை மாதத்தைப் பெயரால் பார்ப்பது. காலியான ஒரு செல்லில் இதை எழுதுங்கள்.

```
=TEXT(D9,"dd mmm yyyy")
```

தங்கையின் 05/07/2025 இதில் 07 May 2025 என்று வந்தது. விளங்கிவிட்டது. தாளின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தது. அங்கே மாதம் முதலில் வரும். ஆகவே 05/07 மே 7 ஆகிவிட்டது, எழுதிய அன்றே தாமதமும் ஆகிவிட்டது. 18/06-ல் பதினெட்டாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தேதியாகவே ஏற்கப்படவில்லை. மாதத்தின் முதல் 12 நாட்கள் தவறான தேதியாகவும், 13 முதல் எழுத்தாகவும் போயிருந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதில் ஆபத்தானது சிவப்பு அல்ல. 10/06/2025 என்று எழுதிய ஜூன் 10 பணி ஒன்றை ஷீட்ஸ் அக்டோபர் 6 என்று வைத்திருந்தது. அது எந்த நிறமும் இல்லாமல் நான்கு மாதம் அமைதியாகக் கிடந்திருக்கும். ஆகவே தவறாகச் சிவந்ததைக் கண்டால், சிவக்காமல் கிடப்பவற்றையும் அன்றே தேடுங்கள்.

அமைப்பை மாற்றுவது எளிது. `File` பட்டியலில் `Settings` திறந்து, `Locale` இடத்தில் `India` தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இனி எழுதுபவை சரியாக வரும். ஏற்கெனவே எழுதியவை தாமாகத் திருந்தமாட்டா. மே 7 ஆனது மே 7 ஆகவே இருக்கும்.

பழையவற்றைத் திருத்துவதில்தான் நிதானம் வேண்டும். முதலில் தாளை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாகக் கிடப்பவற்றைத் தயங்காமல் மாற்றலாம். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இரண்டு, இரண்டு, நான்கு இலக்கமாக எழுதப்பட்டிருந்தால் பக்கத்து நெடுவரிசையில் இது போதும்.

```
=DATE(RIGHT(D9,4),MID(D9,4,2),LEFT(D9,2))
```

தேதியாகிவிட்டவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்ற வேண்டும்.

```
=DATE(YEAR(D9),DAY(D9),MONTH(D9))
```

இதை நெடுவரிசை முழுவதற்கும் இழுத்துவிடாதீர்கள். நான் முதன்முறை அப்படிச் செய்து சரியாக இருந்த தேதிகளையும் கெடுத்தேன். சிலர் தேதியைத் தட்டெழுதாமல், செல்லில் இருமுறை சொடுக்கி வரும் நாட்காட்டியிலிருந்து எடுத்திருப்பார்கள். அவை தொடக்கத்திலிருந்தே சரி. `DAY` 12-க்கு மேல் இருந்தால் அது இடம் மாறிய தேதியாக இருக்கவே முடியாது, விட்டுவிடுங்கள். 12-ம் அதற்குக் கீழும் உள்ளவற்றில் எது தட்டெழுதியது, எது நாட்காட்டியில் எடுத்தது என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். செல்லின் மேல் வலது சொடுக்குச் செய்து `Show edit history` பார்த்தால் யார் எழுதினார் என்பதாவது தெரியும். எங்களுக்கு அப்படி 23 வரிசைகள் இருந்தன. ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்து பணி ஆணையைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் முடித்தோம்.

மீண்டும் வராமலிருக்க இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். D நெடுவரிசைக்கு `Data validation` திறந்து, `Is valid date` தேர்ந்து, தவறினால் `Reject the input` என்று வைத்தேன். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்தக் காவல் தாண்டப்படலாம் என்பதால், D2:D500 எல்லைக்கு ஊதா நிறத்தில் இன்னொரு விதியும் வைத்தேன்.

```
=AND($D2<>"",ISTEXT($D2))
```

ஊதா தெரிந்தால் அந்தத் தேதியைத் தாள் புரிந்துகொள்ளவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் இப்போது தெரியும்.

## அறிகுறி 4: "முடிந்தது" என்று குறித்தும் சிவப்பு போகவில்லை

எழுத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி. கைப்பேசி விசைப்பலகை சொல்லைப் பரிந்துரைத்துத் தரும்போது கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாது, சூத்திரத்துக்குத் தெரியும். `=LEN(C17)` எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு மு, டி, ந், த, து என ஐந்து எழுத்துகள். ஆனால் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் கணினி தனித்தனியாக எண்ணுவதால் விடை 9 வர வேண்டும். 10 வந்தால் எங்கோ ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. சூத்திரத்தில் `TRIM($C2)<>"முடிந்தது"` என்று எழுதினால் முன்னும் பின்னும் உள்ள இடைவெளி ஒதுக்கப்படும். அதைவிட நல்லது, நிலை நெடுவரிசையில் தட்டெழுதுவதையே நிறுத்தி, `Dropdown` வைத்துத் தேர்ந்தெடுக்கச் செய்வது. "முடிந்தது", "முடிந்துவிட்டது", "முடித்தாயிற்று" என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதும் சிக்கலும் அதோடு தீர்ந்துவிடும்.

யாரோ கையால் பூசிய சிவப்பு. H நெடுவரிசைச் சோதனையில் FALSE வந்தும் சிவப்பு இருந்தால், அது விதி கொடுத்த நிறமே அல்ல. அவசரத்தைக் காட்ட ஒருவர் நிற வாளியை எடுத்துப் பூசியிருப்பார். அந்த வரிசையைத் தேர்ந்து, `Fill color` திறந்து `Reset` அழுத்துங்கள். பிறகு எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: இந்தத் தாளில் கையால் சிவப்புப் பூசக்கூடாது. அவசரத்துக்கு F நெடுவரிசையில் எழுதட்டும்.

## அறிகுறி 5: காலையில் பழைய நிறம், மதியத்துக்கு மேல் மாறுகிறது

நேற்றோடு கெடு முடிந்த பணி காலை 9 மணிக்கு இன்னும் மஞ்சள். சாப்பிட்டுவிட்டு வந்தால் சிவப்பு. TODAY என்பது உங்கள் கைக்கடிகாரத்தின் இன்று அல்ல, தாளின் `Settings` பகுதியில் `Time zone` என்று குறித்திருக்கும் ஊரின் இன்று. அது அமெரிக்க மேற்குக் கரையாக இருந்தால், அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்குக் கோடையில் பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. நிறம் மாறும் நேரம் இதோடு ஒத்துப்போனால் வேறெதையும் தேட வேண்டாம். இந்திய நேரத்துக்கு, அதாவது GMT+05:30-க்கு மாற்றிச் சேமியுங்கள்.

வேறு நாட்டில் யாரோ உருவாக்கிய வார்ப்புருவை நகலெடுத்துத் தொடங்கிய தாள்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வட்டார அமைப்பும் நேரமும் அந்த நகலோடு கூடவே வந்துவிடுகின்றன. அதனால் அறிகுறி 3 உள்ள தாளில் 5-ஐயும், 5 உள்ளதில் 3-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

நேரம் சரியாக இருந்தும் மாறவில்லை, தாள் இரவு முழுவதும் ஒரு திரையில் திறந்தே கிடக்கிறது என்றால், `Settings` பகுதியில் `Calculation` தாவலுக்குப் போய் `On change and every hour` என்று வையுங்கள். யாரும் எதையும் தொடாதபோதும் தாள் மணிக்கொருமுறை தன்னைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

## அறிகுறி 6: நேற்று வரை சரி, இன்று சில வரிசைகளில் மட்டும் நிறம் இல்லை

பலர் எழுதும் தாளுக்கே உரிய கோளாறு இது. Ctrl+A அழுத்தி முழுத் தாளையும் தேர்ந்துகொண்டு விதிப் பட்டியலைத் திறங்கள். ஊதாவோடு சேர்த்து மூன்றே விதிகள் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து நிற்கும். எல்லை A2:F500 என்று இருக்காது.

```
A2:F13,A15:F30,A33:F500
```

14, 31, 32 ஆகிய வரிசைகள் உதிர்ந்துபோயிருக்கின்றன. யாரோ வேறொரு தாளிலிருந்து வரிசையை நகலெடுத்து Ctrl+V போட்டிருக்கிறார்கள். மதிப்பு மட்டும் வராமல் அங்கிருந்த வடிவமைப்பும் வந்து, இங்கிருந்த விதியை அந்த இடத்தில் வெட்டிவிட்டது.

முதலில் எளிய காரணத்தைப் பார்த்துவிடுங்கள்: பட்டியல் 500-ஐத் தாண்டி 512 வரை வளர்ந்திருந்தால், கடைசிப் பன்னிரண்டு வரிசைகளும் எல்லைக்கு வெளியே இருக்கும். எல்லை எண்ணை உயர்த்தினால் தீர்ந்தது.

உதிர்ந்துதான் போயிருக்கிறது என்றால், துண்டுகளைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லா விதிகளையும் அழித்துவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் A2:F1000 எல்லையிலும், ஊதாவை D2:D1000 எல்லையிலும் மீண்டும் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்காகவே "விதிகள்" என்ற தனித் தாவலில் மூன்று சூத்திரங்களையும், நிறங்களையும், எல்லையையும் எழுதி வைத்திருக்கிறேன். சூத்திரத்துக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அது கணக்கிடப்படாமல் எழுத்தாகவே நிற்கும். அந்தத் தாவலை என்னைத் தவிர யாரும் மாற்ற முடியாதபடி `Protect sheet` போட்டிருக்கிறேன்.

ஒட்டுவதற்கு Ctrl+Shift+V பழகச் சொல்லுங்கள். அது மதிப்பை மட்டும் ஒட்டும். சொன்னாலும் அவசரத்தில் சிலர் மறப்பார்கள், குறை சொல்ல முடியாது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான் விதிப் பட்டியலைத் திறந்து எண்ணுகிறேன்.

## அறிகுறி 7: செவ்வாய்க்கிழமைக் கெடு வெள்ளிக்கிழமை வெள்ளை, திங்கட்கிழமைதான் மஞ்சள்

சூத்திரத்தில் பிழை இல்லை. ஆனால் மூன்று நாள் என்பதில் விடுமுறையும் கலந்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறையான அலுவலகத்தில் வியாழக்கிழமை மூன்று நாள் என்று பார்த்தால் ஞாயிறோடு முடிந்துவிடும், வேலை நாளாக வெள்ளி ஒன்றுதான் கிடைக்கும். ஆண்டு இறுதி நாட்காட்டி வேலைகளில் தீபாவளி விடுமுறையும் நடுவில் வரும். மஞ்சள் விதியில் `$D2<TODAY()+4` உள்ள இடத்தில் இதை வையுங்கள்.

```
$D2<WORKDAY.INTL(TODAY(),3,11,INDIRECT("விடுமுறை!A2:A30"))+1
```

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்று பொருள். சனியும் விடுமுறையானால் 1 எழுதுங்கள். "விடுமுறை" என்ற தாவலில் A2 முதல் விடுமுறைத் தேதிகள் இருக்க வேண்டும். INDIRECT இல்லாமல் வேறு தாவலைச் சுட்டினால் விதி ஏற்கப்படாது. இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள். தாவலின் பெயரை மாற்றினால் INDIRECT தானாக மாறாது, மஞ்சள் முழுவதும் மறைந்துபோகும். பெயரைத் தொடாதீர்கள்.

## எப்போது இன்னொருவரை அழைப்பது

விதிப் பட்டியலைத் திறக்கவே முடியவில்லை என்றால் உங்களுக்குத் திருத்தும் அனுமதி இல்லை, அல்லது தாள் பூட்டப்பட்டிருக்கிறது. தாளின் உரிமையாளரைக் கேளுங்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தால், அலுவலக மின்னஞ்சல் கணக்குகளைப் பார்த்துக்கொள்பவரால் உரிமையை மாற்றித் தர முடியும். நகலெடுத்துப் புதிதாகத் தொடங்குவது கடைசி வழி. பழைய இணைப்பைச் சேமித்து வைத்திருப்பவர்கள் பழைய தாளிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அறிகுறி 3-ல் இடம் மாறிய தேதிகள் நூற்றுக்கணக்கில் இருந்து, அவற்றை வைத்துக் கட்டணமோ அபராதமோ கணக்கிட்டிருந்தால், நீங்களாகத் திருத்தாதீர்கள். கணக்குப் பார்ப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூல ஆணைகளோடு ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

தாமதமானால் உரியவருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்த விதிகளால் அது முடியாது. அவை நிறம் மட்டுமே கொடுக்கும். அதற்கு `Apps Script` எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவரிடம் மேலே உள்ள சிவப்புச் சூத்திரத்தை அப்படியே கொடுங்கள், எது தாமதம் என்பதில் நிறமும் மின்னஞ்சலும் ஒரே கணக்கில் நிற்கட்டும். நிரலின் நேரமண்டலம் தாளின் அமைப்பிலிருந்து தனியானது. அதையும் இந்திய நேரத்தில் வைக்கச் சொல்லி, முதல் மின்னஞ்சல் காலை எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.